திண்ணையில் மூன்றரை மணி நேரம்

காரைக்குடியில் உள்ள எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும் இந்த அமைப்பைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து படம் எடுத்துச் செல்கிறார்கள். ஆனால், அடுப்படியில் நிற்பவருக்கு முன்வாசலில் அடிக்கும் மணி கேட்காது என்பது அந்தப் படங்களில் தெரிவதில்லை. என் ஆத்தா காலத்தில் வளவிலும் முகப்பிலும் எப்போதும் பத்துப் பேர் இருந்தார்கள். வாசலில் யாராவது குரல் கொடுத்தால் அது கை மாறிக் கை மாறிப் பின்கட்டு வரை வந்து சேரும். இன்று அந்த வீட்டில் நானும், காலையில் வந்து பத்து மணிக்குப் போய்விடும் ஓர் உதவிப் பெண்ணும்தான்.

கடந்த மே மாதம், கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, சென்னையிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்று இணையத்தில் மளிகை வரவழைத்தேன். அரை லிட்டர் பால் பாக்கெட் நான்கு, இருநூறு கிராம் பனீர், ஒரு டப்பா தயிர், வெண்ணெய், அரைக் கிலோ உறைபட்டாணி, பேரனுக்காக உறைநிலைப் பரோட்டா ஒரு பொட்டலம், ஐஸ்கிரீம் ஒரு டப்பா, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அட்டைப் பெட்டிப் பால் ஒரு லிட்டர், இவற்றோடு வெங்காயம், சோப்பு முதலியவை. பொருள் ஒப்படைக்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி என் கைப்பேசிக்கு வந்த நேரம் 11.42. கைப்பேசி அப்போது முகப்பில் மின்னேற்றிக்கொண்டிருந்தது. நான் பின்கட்டில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பிட்டு, சற்றே கண்ணயர்ந்து, கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோது மணி 3.10.

செய்தியோடு ஒரு புகைப்படமும் வந்திருந்தது. எங்கள் திண்ணை, தூண், தூணை ஒட்டி இரண்டு பைகள். பைகளுக்கு ஒரு சாண் தள்ளி வெயிலின் விளிம்பு தெரிந்தது. நான் கதவைத் திறந்தபோது அந்த விளிம்பு திண்ணையைக் கடந்து பைகளின் மேல் ஏறி, பாதிப் பை வெயிலில் இருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்தில் ஒரு பால் பண்ணையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வேலை விட்டுச் சென்ற பழக்கத்தில், ஊசி போன்ற முனையுள்ள வெப்பமானி ஒன்று இன்னும் என் அடுப்படி இழுப்பறையில் கிடக்கிறது. ஆகவே, பைகளை உள்ளே தூக்கி வந்ததும் எதையும் குளிர்பெட்டியில் வைக்காமல், வெப்பமானியைத்தான் முதலில் எடுத்தேன். பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: ‘ஐயோ, வெளியிலேயே கிடந்துவிட்டதே’ என்று பதறி, எல்லாவற்றையும் அள்ளிக் குளிர்பெட்டிக்குள் தள்ளுகிறார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் மீண்டும் சில்லென்று ஆகி, ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும். பிறகு எது எவ்வளவு சூடானது என்று எவராலும் சொல்ல முடியாது.

பைகளைப் பிரித்தபோதுதான் வேடிக்கை தெரிந்தது. ஒரு பை உட்புறம் வெள்ளித்தாள் ஒட்டிய குளிர்ப்பை; அதில் பட்டாணி, பரோட்டா, ஐஸ்கிரீம், ஒரு குளிர்க்கட்டிப் பொட்டலம், அவற்றோடு அட்டைப் பெட்டிப் பால். மற்றது சாதாரணக் காகிதப் பை. அதில் வெங்காயத்துக்கும் சோப்புக்கும் நடுவே நான்கு பால் பாக்கெட்டுகள், தயிர், பனீர், வெண்ணெய். பொருளை அடுக்கிய பிள்ளை ‘பால்’ என்று எழுதியிருந்த அட்டைப் பெட்டியை அக்கறையோடு குளிரில் வைத்திருக்கிறது. குளிரே தேவைப்படாத பால் அது ஒன்றுதான்.

இரண்டும் பால்தான் என்றாலும் இரண்டுக்கும் நடந்தது வேறு. பாக்கெட் பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கி, உடனே 5 டிகிரிக்குக் கீழே இறக்குகிறார்கள். காசநோய், டைபாய்டு போன்றவற்றைப் பரப்பும் கிருமிகள் அந்தச் சூட்டில் செத்துவிடும். ஆனால் சூடு தாங்கும் சில கிருமிகளும், விதைபோலச் சுருண்டு கிடக்கும் சிதல்களும் உயிரோடு மிஞ்சும். மிஞ்சியவை பெருகாமல் பார்த்துக்கொள்வது குளிர் மட்டுமே. அட்டைப் பெட்டிப் பாலோ 135 டிகிரிக்கும் மேலே சில விநாடிகள் சூடாக்கப்பட்டு, கிருமி நீக்கிய பெட்டியில் காற்றுப் படாமல் அடைக்கப்படுவது. பெட்டியைத் திறக்கும் வரை அது அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கலாம். திண்ணையில் மூன்றரை மணி நேரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வெப்பமானி சொன்னதை இனிச் சொல்கிறேன். திண்ணைக் காற்று 37 டிகிரி. நான்கு பால் பாக்கெட்டுகளில் வெளிப்புறம் இருந்தது 31, நடுவில் இருந்தது 28. பனீர் 30. வெண்ணெய் விரல் பட்டால் குழியும் அளவுக்கு இளகியிருந்தது. ஐஸ்கிரீம் டப்பாவை ஆட்டினால் உள்ளே மோர்போலச் சலசலத்தது. ஆனால் அதே பையில், அதை ஒட்டியே இருந்த பட்டாணிப் பொட்டலத்தின் நடுவே கையை அழுத்தினால் இன்னும் ஒரு கெட்டியான கட்டி தட்டுப்பட்டது. ஊசியைச் செருகினால் பூஜ்ஜியம் காட்டியது. 

பலர் ஏமாறுவது இந்தக் கட்டியிடம்தான். உறைபொருள் ஒன்று கெட்டியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ‘ஐஸே கரையவில்லை, பால் மட்டும் கெட்டுப்போயிருக்குமா’ என்று தேற்றிக்கொள்கிறோம். பனிக்கட்டி கரைவதற்கு மிக அதிகமான வெப்பம் வேண்டும்: ஒரு கிலோ பனிக்கட்டியைப் பூஜ்ஜியத்திலேயே நிறுத்தி வெறுமனே தண்ணீராக்குவதற்குத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு, அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். பட்டாணி அந்தக் கடனை அடைத்துக்கொண்டு பூஜ்ஜியத்தில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், கரைய வேண்டிய பனி எதுவும் தன்னிடம் இல்லாத பால் விறுவிறுவென்று ஏறிவிட்டது. ஐஸ்கிரீமிலும் பனி உண்டு. ஆனால் சர்க்கரை கலந்திருப்பதால் அது பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழேயே இளகத் தொடங்கி, பட்டாணி கட்டியாக இருக்கும்போதே குழம்பாகிவிடுகிறது. ஆகவே பட்டாணி தன்னைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். பக்கத்துப் பையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

பால் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று எனக்கே ஐயம் வந்து, அடுத்த வாரம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். காலி பால் பாக்கெட்டில் அரை லிட்டர் தண்ணீர் நிரப்பி, வாயை உருக்கி ஒட்டி, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்து, முற்பகல் 11.40க்கு அதே தூணருகில் நிழலில் கிடத்தினேன். கிடத்தும்போது 6 டிகிரி. அரை மணி நேரத்தில் 14. ஒரு மணி நேரத்தில் 20. இரண்டு மணி நேரத்தில் 27. அதற்குப் பிறகு ஏற்றம் மெதுவாகிவிட்டது. மூன்றரை மணி நேரத்தில் கடைசி ஒன்றரை மணி நேரம்தான் கேடு என்று நான் நினைத்திருந்தேன். கேடு முதல் அரை மணியிலேயே தொடங்கிவிடுகிறது.

உணவுப் பாதுகாப்பில் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டதை ஆபத்தான இடைவெளி என்பார்கள். ஆஸ்திரேலியாவில் பின்பற்றும் கணக்கு எளிமையானது: அந்த இடைவெளியில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் திரும்பக் குளிரில் வைக்கலாம், இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் என்றால் உடனே பயன்படுத்தித் தீர்க்க வேண்டும், நான்கைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறையோ இரண்டு மணி நேரம்தான் தருகிறது. வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அதையும் ஒரு மணி நேரமாகக் குறைத்துவிடுகிறது. காரைக்குடியின் மே மாதத்துக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும் என்பது என் முடிவு. மேலும், கணக்கு வாசலில் தொடங்குவதில்லை. காகிதப் பையில் வந்த பால், கடையிலிருந்து இரு சக்கர வண்டியில் வந்த நேரத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அந்த நேரம் எந்தக் குறுஞ்செய்தியிலும் இருக்காது.

மாலையில் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னபோது, “காய்ச்சிப் பாருங்க ஆச்சி, திரியலைன்னா நல்ல பாலுதானே?” என்றாள். ஊர் முழுவதும் வழங்கும் சோதனை இது. ஆய்வகத்திலும் இதைத்தான் செய்வோம். சோதனைக்குழாயில் சிறிது பாலை ஊற்றி, கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, சாய்த்துப் பார்த்தால் குழாயின் ஓரத்தில் துகள் ஒட்டுகிறதா என்று தெரியும். பால் வண்டி வந்து நின்றதும் முதலில் செய்யும் வேலை அது. நானும் ஒரு கரண்டிப் பாலைக் காய்ச்சிப் பார்த்தேன். திரியவில்லை. மணமும் மாறவில்லை. அவள் என்னை வெற்றியோடு பார்த்தாள்.

ஆனால் அந்தச் சோதனை பாலின் புளிப்பை மட்டுமே அளக்கிறது. நல்ல பாலில் அமிலம், லாக்டிக் அமிலக் கணக்கில், ஏறத்தாழ 0.14 சதவீதம் இருக்கும். அது கூடிக்கொண்டே போய் ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் கொதியில் திரியத் தொடங்கும். அவ்வளவு அமிலம் சேர்வதற்குக் கிருமிகள் வெகுவாகப் பெருகியிருக்க வேண்டும். அதுவும் புளிப்பூட்டும் கிருமியாக இருந்தால்தான். சூட்டில் பிழைத்த சிதல்களிலிருந்து முளைப்பவை பாலைப் புளிக்கவைக்காமலேயே கெடுக்கக்கூடியவை. அவற்றுள் சில உண்டாக்கும் நஞ்சு, கொதிக்கவைத்தாலும் அழியாது. காய்ச்சினால் கிருமி சாகும். அது ஏற்கெனவே விட்டுச் சென்றது சாகாது. திரிந்த பால் கெட்ட பால்தான். திரியாத பால் நல்ல பால் என்பது அதிலிருந்து வருவதில்லை.

“அந்தக் காலத்துல குளிர்பெட்டி ஏது ஆச்சி? பால வெளியிலதான வச்சிருந்தோம்?” என்று அவள் விடவில்லை. நியாயமான கேள்வி. எனக்கும் நினைவிருக்கிறது: விடியற்காலையில் கொட்டிலில் கறந்த பால், நுரை அடங்குமுன் அடுப்பேறிவிடும். காலையில் காய்ச்சியதை ஆத்தா நண்பகலில் மறுபடி காய்ச்சுவார், மாலையில் இன்னொரு முறை, மிஞ்சியதை இரவில் உறைக்கு ஊற்றிவிடுவார். அந்தப் பால் ஒருபோதும் குளிர்ந்ததில்லை, ஆனால் ஒருபோதும் காத்திருந்ததும் இல்லை. பாக்கெட் பால் அந்த முறையில் வந்தது அல்ல. பதப்படுத்தி ஒரு நாள், இரண்டு நாள் கழிந்து, குளிர் ஒன்றையே நம்பி நம் வாசலுக்கு வருவது. அதைக் கொண்டுவந்து நடுப்பகலில் வெயிலில் வைத்துவிட்டு, ஆத்தா காலத்துப் பாலோடு ஒப்பிடுவது பொருந்தாது.

நான்கு பாக்கெட்டுகளையும் கொட்டினேன். நடுவில் இருந்த 28 டிகிரி பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் நான் மட்டும் என்றால் உடனே காய்ச்சிக் காப்பி போட்டிருப்பேனோ என்னவோ. மறுநாள் வரப்போவது நான்கு வயதுப் பேத்தி.

பனீரையும் எறிந்தேன். அது பாலை எலுமிச்சைச் சாறோ வேறு அமிலமோ விட்டுத் திரித்ததுதான் என்றாலும், தயிரைப்போலப் புளிப்புக் கவசம் அதற்கு இல்லை. பாதிக்கு மேல் ஈரம், போதிய புரதம், மென்மையான புளிப்பு, கிருமிக்கு விருந்து. கெட்ட பனீர் மேற்பரப்பில் வழவழப்பைக் காட்டும் என்பார்கள், அது உண்மை; ஆனால் வழவழப்பு வருவது கடைசியில். தயிரை வைத்துக்கொண்டேன். ஏற்கெனவே நல்ல கிருமிகளின் புளிப்பில் இருக்கும் தயிர் வெயிலில் மேலும் புளிக்குமே தவிர, எளிதில் தீங்காகாது. அன்றே மோர்க்குழம்பு வைத்தேன், உறைப்போடு புளிப்பும் கூடி நன்றாகவே இருந்தது. வெண்ணெயும் தப்பியது. அதில் எண்பது சதவீதம் கொழுப்பு. மிச்சமிருக்கும் சிறிதளவு நீர் நுண்துளிகளாகச் சிதறிக் கிடப்பதால் கிருமிக்குக் கால் வைக்க இடமில்லை. இளகி மீண்டும் இறுகியபின் அதன் வழவழப்பு போய்விட்டது, அவ்வளவுதான். நெய்யாக உருக்கிவிட்டேன்.

பட்டாணிக்கு உள்ளே இன்னும் பனி இருந்ததால் விதிப்படி அதை மீண்டும் உறையவைக்கலாம். ஆனால் மறு உறைவில் உதிரி உதிரியாக இருந்த பட்டாணி ஒரே பாறையாகும். (கடையில் வாங்கும்போதும் இதைப் பார்க்கலாம்: பொட்டலத்தைக் குலுக்கினால் கோலிக்குண்டுபோல உருள வேண்டும், ஒரே கட்டியாக இருந்தால் அது வழியில் எங்கோ கரைந்து, மறுபடி உறைந்தது.) உறையவைக்காமல் அன்றிரவே குருமா செய்தேன். பரோட்டாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் கிழிந்தன. உள்ளே இன்னும் சில்லென்றிருந்ததால் அவற்றையும் அன்றே கல்லில் போட்டு முடித்தேன். கிழிந்ததைக் கொத்துப் பரோட்டா என்று சொல்லிக்கொண்டால் போயிற்று.

ஐஸ்கிரீமைப் பற்றி மட்டும் பேரனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. “திரும்ப ஃப்ரீசர்ல வச்சா கட்டியாயிடும்ல அப்பத்தா?” என்றான் தொலைபேசியில். கட்டியாகும். ஆனால் ஐஸ்கிரீமின் அளவில் பாதி வரைகூடக் காற்று இருக்கும். கரையும்போது அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது, திரும்ப உறையும்போது டப்பாவில் மட்டம் இறங்கி, பனித்துகள்கள் பெரிதாகி, நாக்கில் மணல்போல நறநறக்கும். சுவை போனதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதது வேறு: பாலையோ பட்டாணியையோ சமைத்து உண்கிறோம், ஐஸ்கிரீமை அப்படியே உண்கிறோம். கரைந்த நேரத்தில் பெருகிய கிருமிகள் உறைவில் தூங்குமே தவிரச் சாவதில்லை. நடுவில் அவற்றைக் கொல்லும் அடுப்பு எதுவும் இல்லை.

அன்று மாலையே புகார் செய்தேன். அவர்கள் அனுப்பிய 11.42 மணிப் படம், பைகளைத் திறந்தபோது வெப்பமானி 31 காட்டும் படம், பாக்கெட்டில் அச்சிட்டிருந்த ‘5 டிகிரிக்குக் கீழே வைக்கவும்’ என்ற வரியின் படம் ஆகிய மூன்றையும் இணைத்தேன். ‘பொருள் முறையாக ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது’ என்று முதல் பதில் வந்தது. இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர்களின் குறைதீர் அலுவலர் கடமைப்பட்டவர் என்பதை நினைவூட்டி, இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பேன் என்று எழுதினேன். இரண்டாம் நாள் பாலுக்கும் ஐஸ்கிரீமுக்கும் பணம் திரும்பி வந்தது. பனீருக்கு வரவில்லை, பனீரைப் படம் எடுக்காதது என் பிழை.

பொருளைக் கொண்டுவந்த தம்பி அடுத்த முறை வந்தபோது, கோபமில்லாமல் கேட்டேன். “பெல் அடிச்சேம்மா, போனும் ரெண்டு தடவ அடிச்சேன், எடுக்கல. அடுத்த ஆர்டர் தேவகோட்டை ரஸ்தால, நேரமாச்சுன்னா எனக்குக் காசு போயிரும்” என்றான். பொய்யில்லை, என் கைப்பேசியில் அந்த இரண்டு தவறிய அழைப்புகளும் இருந்தன. நிழலாக இருந்த இடத்தில்தான் வைத்திருக்கிறான். வெயில் நகரும் என்பது அவன் யோசிக்க வேண்டிய கணக்கில் இல்லை. இரண்டாங்கட்டில் ஒரு கம்பியில்லா மணி இப்போது மாட்டியிருக்கிறேன். அது கேட்காத நாளுக்காகவும் ஒரு வழி செய்தேன்.

சந்தையில் மீன் கடைக்காரரிடம் மூடியுள்ள தெர்மாக்கோல் பெட்டி ஒன்று வாங்கினேன். இரண்டு நாள் சோப்புத் தண்ணீரும் வெயிலும் பட்டபின் மீன் வாடை போயிற்று. பொருள் வரும் நாளன்று, முந்தைய இரவே உறையவைத்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டை அதில் போட்டு, திண்ணையின் உள்மூலையில், வெயில் எப்போதும் எட்டாத இடத்தில் வைத்துவிடுவேன். மூடியில் ‘பால், தயிர், ஐஸ் பொருள் இதற்குள்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பட்டாணி செய்த அதே வேலையைத்தான் இந்தப் பாட்டில்கள் செய்கின்றன: கரைவதற்கு வெப்பத்தை விழுங்கிக்கொண்டு, பாலுக்குப் போகவிடாமல் தடுக்கின்றன. தண்ணீர் நிரப்பிய பாக்கெட்டுகளை வைத்து நான்கு மணி நேரம் சோதித்தபோது 8 டிகிரியைத் தாண்டவில்லை, பாட்டில்களில் பாதிக்கு மேல் பனி மிஞ்சியிருந்தது. ஐஸ்கிரீமை இது காப்பாற்றாது; பூஜ்ஜிய டிகிரிப் பனியால் அதைக் கட்டியாக வைத்திருக்க முடியாது. ஆகையால் ஐஸ்கிரீமைக் கடைத்தெருவில் போய் வாங்கி, நடந்து வரும் நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறோம்.

போன வாரம் பொருள் வந்தபோது நான் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால், பால் பாக்கெட்டுகள் இரண்டு பாட்டில்களுக்கு நடுவே ஒழுங்காகப் படுத்திருந்தன. ஊசி 7 காட்டியது. அவற்றின் மேல், மூடி சரியாகப் பொருந்தாத அளவுக்கு, ஒரு கிலோ வெங்காயமும் அட்டைப் பெட்டிப் பாலும் இருந்தன.